வீட்டுக் கடன்: நிலை வட்டியா, மாறும் வட்டியா? கையில் வைத்த இரண்டு லட்சத்தின் வேலை

பெருந்துறைப் பக்கம் 40 லட்ச ரூபாய் விலையில் ஒரு தனி வீட்டை வாங்க முடிவு செய்திருக்கும் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவரின் சேமிப்பும் சேர்ந்து கையில் 16 லட்சம் இருக்கிறது. தீபாவளி போனஸாக ஆண்டுதோறும் ஏறக்குறைய 50,000 ரூபாய் தனியே வரும். எவ்வளவு கடன் வாங்குவது, எந்த வட்டியில் வாங்குவது, போனஸ் பணத்தை என்ன செய்வது என்று அவர்கள் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும். பலரும் இவற்றைத் தனித்தனியாக எடுக்கிறார்கள். என் பார்வையில் இவை ஒன்றோடொன்று பின்னிய ஒரே முடிவுதான்.

முதலில் கடன் தொகை. சொத்தின் மதிப்பில் எத்தனை விழுக்காடு வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 விழுக்காடு, 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. எல்டிவி என்று வங்கியில் சொல்வது இந்த விகிதத்தைத்தான். அடுக்குகள் இப்படி இருப்பதால் ஒரு விநோதமும் உண்டு. ஏறக்குறைய 33.3 லட்சத்திலிருந்து 37.5 லட்சம் வரை விலையுள்ள எந்த வீட்டுக்கும் கிடைக்கக்கூடிய அதிகபட்சக் கடன் அதே 30 லட்சம்தான். விலை ஏற ஏற, கூடுதல் தொகை முழுவதையும் வாங்குபவர் தம் கையிலிருந்துதான் போட வேண்டும்.

இந்தத் தம்பதிக்கு வரம்பின்படி 32 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் "மதிப்பு" என்று வங்கி எதை எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் நம் ஊர்ப் பக்கம் கணக்கு தடுமாறுகிறது. பொதுவாக, விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே வங்கி எடுத்துக்கொள்ளும். விலை 40 லட்சமாகப் பேசிவிட்டு, வழிகாட்டி மதிப்பை ஒட்டி 32 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பதாக இருந்தால், 32 லட்சத்தின் 90 விழுக்காடான 28.8 லட்சத்துக்கு மேல் கடன் வராது. சட்டச் சிக்கல் தனி; கடன் கணக்கிலேயே அது அடிக்கிறது. அதோடு, முத்திரைத்தாள் கட்டணம் 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் வீட்டின் மதிப்போடு சேராது. மிகச் சிறிய மதிப்புள்ள வீடுகளுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. எனவே 40 லட்சத்துக்கான பதிவுச் செலவு 3.6 லட்சம் முழுவதும் சொந்தப் பணமாக இருந்தாக வேண்டும்.

அது போக இவர்கள் கையில் 12.4 லட்சம் மிஞ்சுகிறது. இப்போது இரண்டு வழிகள். 12 லட்சத்தை வீட்டில் போட்டு 28 லட்சம் கடன் வாங்கலாம். அப்போது விகிதம் 70 விழுக்காடு. அல்லது 10 லட்சம் போட்டு 30 லட்சம் வாங்கிக்கொண்டு, 2.4 லட்சத்தைக் கையில் வைத்திருக்கலாம்; அப்போது விகிதம் 75. "கடன் எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது" என்று வீட்டுப் பெரியவர்கள் முதல் வழியைத்தான் சொல்வார்கள். வட்டியை மட்டும் பார்த்தால் அதில் தவறில்லை. ஆனால் வீட்டுக்குள் போன இரண்டு லட்சத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. அதே வீட்டின் பேரில் கூடுதலாக வாங்கும் டாப்அப் கடனைக் கேட்டால் புதிய விண்ணப்பமும், பெரும்பாலும் கூடுதல் வட்டியும் வேண்டியிருக்கும். கையில் உள்ள இரண்டு லட்சத்தையோ எந்த நாளிலும் கடனில் கட்டலாம். அதைக் கட்டணமின்றிக் கட்ட முடியுமா என்பது வட்டி வகையைப் பொறுத்தது.

மாறும் வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு, நிலை வட்டி 9.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். இவை எடுத்துக்காட்டு விகிதங்களே. நிலை வட்டி கூடுதலாக இருப்பது வழக்கம். எவ்வளவு கூடுதல் என்பது கடன் தருபவரைப் பொறுத்தது. 30 லட்சத்துக்கு 20 ஆண்டு, அதாவது 240 மாதத் தவணை என்றால், மாறும் வட்டியில் இஎம்ஐ 25,093 ரூபாய். நிலை வட்டியில் 27,964 ரூபாய். மாதம் 2,871 ரூபாய் வித்தியாசம். வெளியே வட்டி ஏறினாலும் நம் தவணை ஏறாது என்ற நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

அந்த விலை நியாயமானதா? வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டிதான் ரெப்போ விகிதம். 2022 மே மாதம் வரை 4 விழுக்காடாக இருந்த அது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக ஏறியது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும் என்றும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியைத் திருத்த வேண்டும் என்றும் விதி இருப்பதால், அந்த ஏற்றம் கடன் வாங்கியவர்கள் தலையில் விரைவாகவே இறங்கியது. ஆனால் பலருடைய இஎம்ஐ மாறவில்லை, தவணைக்காலம்தான் நீண்டது. மாதாமாதம் அதே தொகை கழிகிறது என்று கவனிக்காமல் இருந்துவிட்டார்கள்.

நம் தம்பதியின் கடனில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஓராண்டு முடிவில் நிலுவை அசல் ஏறக்குறைய 29.37 லட்சம், மீதி 228 தவணை. அப்போது வட்டி 8-இலிருந்து 9 ஆகி, இஎம்ஐ மாறாமல் இருந்தால், மீதித் தவணை 281 ஆகிவிடும். ஒரே ஒரு விழுக்காட்டு ஏற்றத்துக்கு 53 மாதம், அதாவது நான்கு ஆண்டுக்கு மேல். வட்டி இரண்டரை விழுக்காடு ஏறி 10.5 ஆனால் நிலைமை இன்னும் மோசம்: மாத வட்டியே 25,690 ரூபாயைத் தாண்டிவிடுவதால், 25,093 ரூபாய் இஎம்ஐ வட்டிக்கே போதாது, அசல் குறைவதற்குப் பதில் வளரும். இப்படி ஆகவிடக் கூடாது என்றும், வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைக் கடன் வாங்கியவரே தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது.

அந்த 53 மாத நீட்சியை முழுவதும் அழிக்க எவ்வளவு பணம் தேவை? ஏறக்குறைய இரண்டு லட்சம். ஓராண்டு முடிவில் அதை அசலில் கட்டினால், வட்டி 9 ஆனபிறகும் அதே இஎம்ஐயில் அதே 228 தவணையில் கடன் முடிந்துவிடும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி கட்டணம் எதுவும் வாங்க முடியாது. நிலை வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. ஒப்பந்தத்தில் 2 விழுக்காடு போன்ற ஒரு கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் இருக்கக்கூடும். ஆகவே, கையில் சிறு கையிருப்பு உள்ளவருக்கு மாறும் வட்டியின் ஆபத்து பாதியாகிவிடுகிறது. கையிருப்பு முழுவதையும் வீட்டில் போட்டுவிட்டவர்தான் நிலை வட்டியை நாட வேண்டியவராகிறார்.

இன்னொரு விதமாகவும் ஒப்பிடலாம். நிலை வட்டியின் இஎம்ஐயான 27,964 ரூபாயைக் கட்டும் சக்தி இருக்கிறது என்றால், மாறும் வட்டிக் கடனை வாங்கிக்கொண்டு அதே 27,964 ரூபாயைத் தாமாகவே கட்டிவரலாம். வட்டி 8 விழுக்காட்டிலேயே இருந்தால் கடன் 189 மாதத்தில் முடியும். ஓராண்டு கழித்து 9 ஆகி அப்படியே நிலைத்துவிட்டாலும் மொத்தம் 214 மாதம்தான், 240 அல்ல. நிலை வட்டி ஜெயிக்க வேண்டுமானால், தொடக்க ஆண்டுகளிலேயே ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஏறி, பிறகு இறங்காமல் நிற்க வேண்டும். மேலும், "நிலை வட்டி" என்று விற்கப்படும் பல திட்டங்கள் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் நிலையானவை. பிறகு மாறும் வட்டிக்குத் திரும்பிவிடும். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிக்காமல் கையெழுத்திடுவது வீண்.

வீட்டுவசதி நிதி நிறுவனங்களைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றின் மாறும் வட்டி ரெப்போவோடு கட்டாயமாக இணைந்ததல்ல, அவை தாமே நிர்ணயிக்கும் அடிப்படை விகிதத்தையே பின்பற்றலாம். வட்டி இறங்கும் காலத்தில் இந்த வேறுபாடு தெரியும்.

இனி தீபாவளிப் பணம். முதல் மாதத் தவணையில் 20,000 ரூபாய் வட்டிக்கும் 5,093 ரூபாய் மட்டும் அசலுக்கும் போகிறது. அதனால் தொடக்கத்தில் கட்டும் கூடுதல் ரூபாய்க்கு வலிமை அதிகம். ஓராண்டு முடிவில் ஒரு லட்சம் கட்டினால் 17 தவணை குறையும். அதே ஒரு லட்சத்தைப் பத்தாவது ஆண்டு முடிவில் கட்டினால் ஏறக்குறைய எட்டரைத் தவணைதான் குறையும். ஆண்டுக்கு 50,000 வீதம் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் கட்டிவந்தால், வட்டி 8-இல் மாறாமல் இருக்கும்வரை, 240 மாதக் கடன் 176 மாதத்தில் தீரும். கூடுதலாகக் கட்டியது 7 லட்சம். மிச்சமாகும் வட்டி ஏறக்குறைய 9 லட்சம். தேங்காய், மஞ்சள் விற்ற பணம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும் வீடுகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

இதில் ஒரு கிளை உண்டு. முன்கூட்டிக் கட்டும்போது வங்கி இரண்டு வழிகளில் கணக்கைச் சரிசெய்யலாம்: இஎம்ஐயை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைப்பது, காலத்தை அப்படியே வைத்து இஎம்ஐயைக் குறைப்பது. மேலே சொன்ன மாதக் கணக்குகள் எல்லாம் முதல் வழிக்கே பொருந்தும். வருமானம் ஆட்டம் காணும் நிலையில் உள்ள சிறு பனியன் கம்பெனிக்காரருக்கு இஎம்ஐ குறைவதே உதவலாம். நிலையான சம்பளக்காரருக்குக் காலத்தைக் குறைப்பதே லாபம். எதுவானாலும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்: "இந்தத் தொகையை அசலில் வரவு வைத்து, இஎம்ஐயை மாற்றாமல் தவணைக்காலத்தைக் குறைக்கவும்" என்ற ஒரு வரி போதும்.

தவறு நேரும் இடமும் இதுதான். கூடுதல் பணம் அசலில் சேராமல் வரும் தவணைகளுக்கான முன்பணமாக நின்றுவிடுவது உண்டு. கண்டுபிடிக்க அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் வட்டிக்குப் போன தொகையைப் பார்க்க வேண்டும். 8 விழுக்காட்டுக் கடனில் முன்கட்டிய ஒவ்வொரு லட்சத்துக்கும், அதில் வழக்கமாகக் குறைவதற்கு மேல் ஏறக்குறைய 667 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். 50,000-க்கு 333 ரூபாய். குறையவில்லை என்றால் பணம் அசலில் சேரவில்லை என்று பொருள். அப்போது கிளைக்குச் சென்று, தொகை அசலில் வரவான நாளைக் காட்டும் திருத்திய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும்.