ஒன்பதில் முடியும் விலையா, அடித்துக் காட்டும் பழைய விலையா?

40 என்று போட வேண்டிய இடத்தில் 39 என்று போடுவது ஒரு வழி. 60 என்று எழுதிக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 40 என்று போடுவது இன்னொரு வழி. இரண்டையும் மனோதத்துவ விலை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. பின்னால் இருக்கும் ஆதாரமும் வேறு.

முதலில் ஒன்பது. எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2003-ல் வெளியிட்ட சோதனைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் தபால் வழியே பெண்கள் உடை விற்கும் ஒரு நிறுவனத்தின் கேட்டலாக்கை மூன்று விதமாக அச்சிட்டார்கள். வாடிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விதத்தை அனுப்பினார்கள். அதே உடைகள், விலை மட்டும் 34, 39, 44 டாலர். 44-க்கு 17 விற்றன, 39-க்கு 21 விற்றன. இதில் வியக்க ஒன்றுமில்லை, விலை குறைந்தால் விற்பனை கூடத்தானே செய்யும். ஆனால் 34 டாலருக்கு விற்றது 16தான்! அந்த மூன்றாவது பிரிவை வைக்காமல் இருந்திருந்தால் இந்தச் சோதனையால் ஒரு பயனும் இருந்திருக்காது.

எண்ணிக்கை சின்னது என்பது உண்மை. ஆனால் அவர்கள் செய்த மற்றச் சோதனைகளும் ஒன்பதின் பக்கமே சாய்ந்தன.

காரணம் என்ன? நாம் எண்ணை இடமிருந்து படிக்கிறோம், முதல் இலக்கமே மனதில் பதிகிறது என்பது வழக்கமான விளக்கம். மனோஜ் தாமஸ், விக்கி மோர்விட்ஸ் 2005-ல் காட்டியது இதுதான்: 3.00-ஐவிட 2.99 மலிவாகத் தெரிகிறது, ஆனால் 3.60-க்கும் 3.59-க்கும் அப்படி வித்தியாசம் தெரிவதில்லை. சரி, ஆனால் 34, 39 இரண்டுமே மூன்றில்தான் தொடங்குகின்றன. அங்கே முதல் இலக்கம் எதையும் விளக்காது. ஒன்பதைப் பார்த்ததுமே ‘இது குறைத்துப் போட்ட விலை’ என்று வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார் என்பதே அங்கே பொருந்தும். புதிதாக வந்த உடைகளில் இந்த விளைவு கூடுதலாக இருந்ததும், ‘தள்ளுபடி’ என்று தனியாக எழுதியிருந்த இடத்தில் குறைந்துபோனதும் இதோடு ஒத்துப்போகின்றன.

அடுத்து அடித்துக் காட்டும் பழைய விலை, அதாவது நங்கூர விலை. முதலில் கண்ணில் படும் எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 1987-ல் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அரிசோனாவின் டூசான் நகரில் வீட்டுத் தரகர்களை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், ஒரே விவரக் கையேட்டைப் படித்தார்கள். கையேட்டில் விற்பவர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. 65,900 டாலர் என்று பார்த்த தரகர்கள் வீட்டை சராசரியாக 67,811 என்று மதிப்பிட்டார்கள். 83,900 என்று பார்த்தவர்கள் 75,190 என்றார்கள். கேட்ட விலையில் இருந்த 18,000 டாலர் வித்தியாசத்தில் சுமார் 41 சதவீதம் அவர்கள் மதிப்பீட்டுக்குள் வந்துவிட்டது. இதுவே தொழிலாக இருப்பவர்களுக்கு இந்த நிலை. பெரும்பாலானோர் அந்த விலையைக் கணக்கில் எடுத்ததாகச் சொல்லவும் இல்லை.

ஒன்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பெரிய இழுப்பு. ஆனால் எந்த எண்ணும் நங்கூரமாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. டான் ஏரியலியும் உடன் ஆய்வாளர்களும் 2003-ல், மாணவர்களின் அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களே அவர்கள் கொடுக்க முன்வரும் விலையை மாற்றின என்று எழுதினார்கள். பின்னர் இதே வகைச் சோதனைகளைச் செய்து பார்த்தவர்களுக்கு விளைவு மிகவும் மெலிந்துதான் கிடைத்தது. மானியாடிஸ், டுஃபானோ, லிஸ்ட் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. என் கணிப்பு இது: அந்தப் பொருளுக்கு இருக்கக்கூடிய விலை என்று நம்பத்தக்க எண்தான் இழுக்கும், சம்பந்தமில்லாத எண்ணை நம்பிக் காசு போட முடியாது.

ஆகவே வாரா வாரம் வாங்கும், விலை தெரிந்த பொருளுக்கு ஒன்பதையே தேர்ந்தெடுப்பேன். அங்கே வாங்குபவரிடம் சொந்தமாக ஒரு விலை இருக்கிறது, புதிய நங்கூரம் எளிதில் பிடிக்காது. அபூர்வமாக வாங்கும், மதிப்பு தெரியாத பொருளுக்கு நங்கூரம். அதுவும் உண்மையாகவே முன்பு விற்ற விலையாக இருந்தால் மட்டும். விற்காத விலையை எழுதி அடிப்பது பொய், பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

இரண்டையும் சேர்த்தே போட்டால் என்ன என்று கேட்கலாம். ‘தள்ளுபடி’ என்ற சொல் ஒன்பதின் பலத்தைக் குறைத்ததைப் பார்த்தோம், அதனால் இரண்டின் பலனையும் அப்படியே கூட்டிக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் பெரிய கடைத் தொடரான ஜே.சி. பென்னி நிறுவனம் 2012-ல் கூப்பன்கள், அடித்துக் காட்டும் விலைகள், ஒன்பதில் முடியும் விலைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டது. அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய கால்பங்கு சரிந்தது. எது போனதால் எவ்வளவு சரிந்தது என்பதை அதிலிருந்து பிரிக்கவே முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் வாங்குபவர்களை நான்காகக் குலுக்கிப் பிரிக்க வேண்டும்: வெறும் 40, வெறும் 39, அடித்த விலையோடு 40, அடித்த விலையோடு 39. அப்புறம் 34 போல ஒரு குறைந்த விலையையும் ஐந்தாவதாக வைக்க வேண்டும்.