முசிறி வணிகப் பாடத்தைத் தேர்விலிருந்து பின்னோக்கித் திட்டமிட்ட நான்கு ஆண்டுகள்

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிற நான், பண்டைய வணிக வழிகள் என்ற அலகை நான்கு ஆண்டுகளாகப் பின்னோக்குத் திட்டமிடல் முறையில் நடத்தி வருகிறேன். கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1998இல் விரிவாக எழுதிய முறை இது. அலகின் முடிவில் மாணவருக்கு எது விளங்கியிருக்க வேண்டும் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அது விளங்கியதற்குச் சான்றாக எந்த மதிப்பீட்டை வைப்பது என்று அடுத்து முடிவு செய்ய வேண்டும். பாடவேளைகளை அதன் பிறகே பிரிக்க வேண்டும். நாம் பாடக்குறிப்பு எழுதும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். நாம் முதல் நாள் என்ன நடத்துவது என்று தொடங்கி, வினாத்தாளைக் கடைசி வாரத்தில் எழுதுகிறோம்.

அலகு முழுவதையும் பண்டைய சேரத் துறைமுகமான முசிறியை மையமாக வைத்தே அமைத்தேன். எகிப்து, செங்கடல், அரபிக் கடல், சேர நாடு என்று நீளும் இந்த வழிக்கு இலக்கியம், ஒப்பந்தப் பத்திரம், மண்ணில் கிடைத்த பொருள் என மூன்று வகைச் சான்றுகளும் உண்டு. ஒன்றையொன்று சோதித்துப் பார்க்க இப்படி இடம் தரும் வணிக வழிகள் குறைவு.

முதல் ஆண்டு நான் வைத்த இறுதி மதிப்பீடு தவறானது. ‘அலெக்சாந்திரியாவிலிருந்து முசிறிக்கு வந்த வணிகனின் நாட்குறிப்பை எழுதுக’ என்று கேட்டேன். மொத்தம் 20 மதிப்பெண். அதில் கற்பனை வளத்துக்கு 8. பிள்ளைகள் ஆசையாக எழுதினார்கள். 18 வாங்கிய ஒரு நாட்குறிப்பில் புயலும் கடற்கொள்ளையரும் இருந்தார்கள், ஒரு திருமணம்கூட இருந்தது. பருவக்காற்று இல்லை, வரி இல்லை, சரக்கின் விலை இல்லை. அதே வகுப்பில் ஒரு மாணவி, ‘இவன் எந்த மாதம் புறப்பட்டான் என்பதைக் காற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கத்தில் முடித்திருந்தாள். வரிக்கு வரி சரியாக இருந்த அந்தத் தாளுக்கு என் அளவுகோலின்படி 11தான் வந்தது.

இந்த முறையை எழுதியவர்களே மதிப்பீட்டைச் சோதிக்க இரண்டு கேள்விகள் தந்திருக்கிறார்கள். பாடம் விளங்காத மாணவர் இந்தப் பணியில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட முடியுமா? நன்றாக விளங்கிய மாணவர் இதில் தோற்றுப்போகக்கூடுமா? என் நாட்குறிப்புப் பணிக்கு இரண்டுக்குமே ‘ஆம்’ என்ற விடைதான் வந்தது. அந்த இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வரை எனக்கு அது உறைக்கவில்லை. முடிவிலிருந்து திட்டமிடும்போது முடிவே கோணலாக இருந்தால் பன்னிரண்டு பாடவேளைகளும் அந்தக் கோணலை நோக்கியே ஒழுங்காக நடக்கும். பழைய முறையில் இவ்வளவு முழுமையாகத் தவறியிருக்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் ஆண்டு, மதிப்பீட்டை மட்டும் மூன்று வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். நிலைத்தது இதுதான்: இரண்டு பாடவேளைகள், அதாவது 80 நிமிடங்கள், மாணவர் அதுவரை பார்த்திராத மூன்று சான்றுகள், ‘இந்த வணிகத்தில் யார் முதல் போட்டார்கள், யார் ஆபத்தைச் சுமந்தார்கள், யாருக்குப் பணம் சேர்ந்தது’ என்ற ஒரே வினா. ஒவ்வொரு சான்றும் நேரடியாகச் சொல்வது என்ன, அதிலிருந்து ஊகிக்கக்கூடியது என்ன, அது சொல்லவே முடியாதது என்ன என்று பிரித்து எழுதிய பிறகு, ஒரு பக்கத்தில் தம் முடிவை எழுத வேண்டும்.

இந்த வினாவைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபோது, எது தேவை, எது தேவையில்லை என்பது ஓரளவு தானாகவே பிரிந்தது. ஆபத்தையும் முதலையும் பற்றி எழுத வேண்டுமானால் காற்றின் கணக்கு தெரிந்தாக வேண்டும். ஜூலை வாக்கில் எகிப்தை விட்டுப் புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியா வந்த கப்பல், வடகிழக்குக் காற்று வீசும் வரை திரும்ப முடியாது. எனவே போட்ட பணம் ஏறத்தாழ ஓர் ஆண்டு முடங்கிக் கிடக்கும். கடன் ஏன் தேவைப்பட்டது என்பது இதற்குப் பிறகுதான் புரியும். ஆகவே காற்றுக்கு இரண்டு பாடவேளைகள் கொடுத்தேன். நான் ஆண்டுதோறும் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டுவந்த ஏற்றுமதி, இறக்குமதிப் பட்டியலுக்கு இந்த வினாவில் வேலையே இல்லை. அதை நீக்கினேன். எழுதிப் பழகிய கை என்பதால் சற்று வலித்தது.

பயிற்சிக்கு முதலில் வைத்தது அகநானூற்று 149ஆம் பாட்டின் ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்ற அடிகள். அடுத்தது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் பத்திரம். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதன் ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம் இருக்கிறது. சரக்கை ஒட்டகத்தில் பாலைவனம் கடத்தி நைல் கரை நகரமான கோப்டோஸ் கொண்டுசேர்ப்பேன், அங்கிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புவேன், அதுவரை சரக்கு உங்கள் முத்திரையின் கீழ் இருக்கும் என்று கடன் வாங்கியவர் ஒப்புக்கொள்கிறார். மறு பக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டிகள், தந்தம் என்று நீளும் அந்தக் கணக்கில், கால் பங்கு வரி போக மிஞ்சிய சரக்கின் மதிப்பு 1,154 தாலந்து 2,852 திராக்மா. தாலந்து ஒன்றுக்கு 6,000 திராக்மா என்று பிள்ளைகளையே பெருக்கச் சொன்னால் 69,26,852 என்று வரும். அந்த எண்ணைப் பலகையில் எழுதியதும் வகுப்பு சில நொடி அமைதியாகிவிடுகிறது.

அந்த அமைதியில்தான் ஒருவன், “கடன் குடுத்தவர் பேரு எங்க டீச்சர்?” என்று கேட்டான். பத்திரத்தின் தொடக்கம் அழிந்துவிட்டது. கொடுத்தவர் பெயரும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. ‘சான்று சொல்லவே முடியாதது’ என்ற பகுதியை நான் விளக்குவதற்கு முன்பே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அடுத்த பாடவேளையில் ஒரு சிக்கலை வேண்டுமென்றே முன்வைப்பேன். செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசில் ஆண்டுக்கு 5 கோடியை இந்தியா வாங்கிக்கொள்கிறது என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி புலம்புகிறார். எகிப்தியத் திராக்மாவையும் செஸ்டர்ஸையும் ஏறத்தாழச் சமமாகக் கொண்டால், ஹெர்மபோலோன் போன்ற ஏழு கப்பல்களிலேயே அந்த 5 கோடி கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஆனால் எகிப்தின் செங்கடல் கரையில் இருந்த மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போயின என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் வகுப்பு முதலில் முடிவு கட்டும். மூன்றும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பதற்கு அவர்களாக வந்துசேர அரை மணி நேரமாவது ஆகும். பிளினி சொல்வது வெளியே போன பணம். பாப்பிரஸ் சொல்வது சரக்கு எகிப்துக்கு வந்த பிறகு அதற்கு இருந்த மதிப்பு. வாங்கிய விலையைப் போல நூறு மடங்குக்கு விற்கிறார்கள் என்று பிளினியே அதே இடத்தில் சொல்கிறார். மேலும் ஸ்டிராபோவுக்கும் பாப்பிரஸுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த நூறு மடங்கை அப்படியே நம்பலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். ஆடம்பரத்தைக் கண்டிக்க எழுதுகிறவரின் எண் அது, எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

இரண்டாம் ஆண்டின் தேர்வில் வேறொரு கோளாறு தெரிந்தது. எகிப்தின் இன்னொரு செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு கிடைத்ததை ஒரு சான்றாக வைத்திருந்தேன். பாதிப் பேர், ‘எனவே பெரெனிகேயில் இந்தியர் வாழ்ந்தனர்’ என்று எழுதிவிட்டார்கள். சாடி இந்தியாவில் செய்ததாக இருக்கலாம். அதைச் சுமந்து வந்தவர் யார் என்று சாடி சொல்லாது. எழுத்துச் சான்றைக் கேள்வி கேட்கப் பழக்கிய நான், பொருட்சான்றைக் கேள்வி கேட்கப் பழக்கவே இல்லை. முன்னோக்கி நடத்தியிருந்தால் இதைப் பிள்ளைகளின் கவனக்குறைவு என்று நினைத்திருப்பேன். மதிப்பீடு கையில் இருந்ததால், திட்டத்தில் எந்தப் பாடவேளை விடுபட்டது என்பதையே விரல் வைத்துக் காட்ட முடிந்தது. மூன்றாம் ஆண்டு முதல், அந்தச் சாடியைப் பயிற்சிக்கு மாற்றி, அதே செங்கடல் கரையில் உள்ள குசெய்ர் அல்-கதீமில் கிடைத்த ‘கண்ணன்’, ‘சாத்தன்’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளை அதன் பக்கத்தில் வைக்கிறேன். சாடி எதைச் சொல்கிறது, பெயர் கீறிய ஓடு அதைவிட எதைக் கூடுதலாகச் சொல்கிறது என்று ஒப்பிட்ட பிறகு அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது.

நான் வருந்திய நீக்கம் ஒன்று உண்டு. பட்டுப் பாதையை முதலில் முழுவதுமாக விட்டுவிட்டேன். சேர நாட்டுத் துறைமுகத்தில் சீனப் பட்டு எப்படி ஏறியது என்று கேட்ட மாணவனுக்கு நின்ற இடத்தில் விடை சொல்ல வேண்டியதாயிற்று. சீனப் பட்டு மத்திய ஆசியாவின் பாக்திரியா வழியாகத் தரைமார்க்கமாகக் குஜராத்தின் பரிகாசா துறைமுகத்துக்கு வந்ததை எரித்திரியக் கடல் பெரிப்ளுஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்கிறது. இப்போது அதற்கு ஒரு பாடவேளை இருக்கிறது. இறுதி வினாவுக்கு நேரடியாக உதவாவிட்டாலும் அதை எடுப்பதாக இல்லை.

திருத்தும் வேலை அதிகம். ஒரு தாளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் 42 பேருக்குப் பத்தரை மணி நேரம். காலாண்டுத் தேர்வுத் தாள்களும் அதே வாரத்தில் வந்து விழும். அதோடு, காலாண்டுத் தேர்வு கேட்பது வேறு. ஏற்றுமதிப் பொருள்கள் ஐந்தை எழுதுக என்ற வினா வந்த ஆண்டில், என் வகுப்பு பக்கத்துப் பிரிவைவிடக் குறைவாகவே எடுத்தது. தலைமையாசிரியர் கேட்டபோது மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை இப்போது ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே கொடுத்துவிடுகிறேன்.

இறுதிச் சான்றுகளை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அண்ணன் அக்காவிடமிருந்து விடைகள் வந்துசேர்ந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு தமிழம்மாவின் உதவியோடு பட்டினப்பாலையில் சுங்கத்தார் மூடைகளுக்குப் புலி முத்திரை இடும் பகுதியை வைத்தேன். பாப்பிரஸில் வரும் கடன் கொடுத்தவரின் முத்திரையையும் இந்த அரச முத்திரையையும் பதினொரு பேர் ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். அதில் ஏழு பேர், ஒன்று கடனுக்குப் பிணை, மற்றொன்று வரிக்கு அடையாளம் என்று பிரித்தும் காட்டியிருந்தார்கள். இந்த ஆண்டுக்குக் கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைக்கும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகளை எடுத்து வைத்திருக்கிறேன். காசு புதைந்த இடம் துறைமுகத்திலிருந்து விலகி உள்நாட்டில் இருப்பதை யார் கவனிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.