ஜென்டாமைசின் ஒருதரம், குளொக்சசிலின் நாலுதரம்: ஏன்?

கிளிநொச்சி வயலில் மண்வெட்டி பட்டுக் கால் சீழ்பிடித்தவருக்கு எழுதும் கிருமிகொல்லி மருந்தான குளொக்சசிலின், இரத்தத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதியாகிவிடும். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும் அளவைப்போல் நாலைந்து மடங்கைத் தாண்டினால், மேலும் ஏற்றினாலும் கொல்லும் வேகம் பெரிதாகக் கூடாது. அந்த அளவுக்கு மேலே மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. ஆகவே 500 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, வெறும் வயிற்றில். இரவுக் குளிசையை விட்டுவிட்டு விடிய இரண்டாகப் போடுகிறவர்கள் உண்டு. உச்சம்தான் உயரும், இரவில் பெருகிய கிருமி பெருகியதுதான்.

இன்னொரு கிருமிகொல்லியான ஜென்டாமைசின் நேரெதிர். உச்சம் உயர உயரக் கிருமி வேகமாகச் சாகும். மருந்து இறங்கிய பின்னும் மிஞ்சியவை சில மணித்தியாலம் தலைதூக்காது. 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம்படி, 300 மில்லிகிராமையும் நாளுக்கு ஒரே தரமாக ஏற்றலாம். மூன்றாகப் பிரித்தால் உச்சம் தாழும், சிறுநீரகத்துக்கும் ஓய்வில்லை. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் இதைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறுநீரகம் மருந்தைக் கழிப்பது மந்தமானால் பெரும்பாலும் அளவைவிட இடைவெளியைத்தான் மாற்றுவார்கள்: 24 மணித்தியாலம் 36 ஆகும், சிலருக்கு 48.