ஒரு நிமிட ஒலிப்பதிவும் மூன்று வருட அனுபவமும்

தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்குக் கேட்டல் பயிற்சியை முன், இடை, பின் என்று பிரித்து நடத்தத் தொடங்கி 3 வருடம் ஆகிறது. பதிவு ஒரு நிமிடத்தைத் தாண்டாது. இன்றும் இதே முறைதான், ஆனால் முதல் வருடம் செய்த மாதிரி இல்லை.

அப்போது நான் சறுக்கியது 'முன்' பகுதியில். 12 சொற்களுக்குப் பொருள் சொல்லி, சூழலையும் விளக்கிவிடுவேன். விடைகள் சரியாக வரும். எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு நாள் இப்படி விளக்கி முடித்த பிறகு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. நேரம் வீணாகிறதே என்று கேள்வித்தாளை மட்டும் கொடுத்தேன். ஒரு சொல்கூடக் கேட்காமல் பலர் 8 கேள்வியில் 6-க்குச் சரியாக எழுதிவிட்டார்கள்! அதிலிருந்து, புதிய கேள்விகளைப் பதிவைக் கேட்காத ஒருவரிடம் முதலில் கொடுத்துப் பார்க்கிறேன். ஊகித்தே விடை சொல்லிவிட்டால் கேள்வி செல்லாது. இப்போது 'முன்' பகுதி 5 நிமிடம்தான்: யார் யாரிடம் பேசுகிறார், எதற்காக என்பதும், தெரியாவிட்டால் எதுவுமே புரியாது என்கிற இரண்டு மூன்று சொற்களும். அதோடு சரி.

ஒலிக்கவிடும்போது முதல் தடவை பேனாவைத் தொடக்கூடாது; பொதுவான ஒரே கேள்வி. எழுதிக்கொண்டே கேட்டால் அடுத்த வாக்கியம் தப்பிவிடும். விவரக் கேள்விகள் இரண்டாம் தடவைதான்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது 'பின்' பகுதி. ஒரு பதிவில் இப்படி வரும்: "நாலு மணிக்கு வர்றதா இருந்தேன், பஸ்ஸ விட்டுட்டேன், அஞ்சரைக்குத்தான் வருவேன்." எப்போது வருவார் என்ற கேள்விக்குப் பாதிப்பேர் நான்கு மணி என்று எழுதினார்கள். முதல் வருடமாக இருந்தால் சரியான விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். இந்த முறை அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று தடவை போட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். 'வரதா?' என்று கேள்வியாக எழுதியிருந்தார் ஒருவர். இன்னொருவர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். 'வருவதாக இருந்தேன்' என்று பலகையில் எழுதியதும் எல்லோருக்கும் புரிந்தது. ஆக, இலக்கணம் தெரியும். பேச்சில் அது சுருங்கி ஒலிக்கும் வடிவம்தான் தெரியவில்லை. எழுத்துத் தமிழை முதலில் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் ஓயாது. 'விட்டுட்டேன்' தனியாக ஒரு வாரம் எடுத்தது.

வேகத்தைக் குறைத்துப் போடலாமே என்று சக ஆசிரியை கேட்டார். போட்டுப் பார்த்தேன். சுருங்கிய ஒலி இழுபடுமே தவிர, முழு வடிவமாக விரியாது. அந்த இடத்தை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பப் போடுவதே மேல்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. மறுபடி ஒலிக்கும் என்று தெரிந்ததால், முதல் தடவை சிலர் அசட்டையாகக் கேட்கிறார்கள். அதனால் மாதம் ஒரு பதிவை ஒரே தடவைதான் போடுகிறேன். எது அந்தப் பதிவு என்று முன்கூட்டியே சொல்வதில்லை.