எந்த மல்லி என்று கேட்கும் மாதிரிப் பதில்: சில பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

திண்டுக்கல் பக்கம் உழவர்களே சேர்ந்து நடத்தும் இடுபொருள் கடை ஒன்றில் வாட்ஸ்அப் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. வருகிற செய்திகளில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்; மீதி, வயலில் நின்றபடி பேசிப் பதிவான எழுத்து. இரண்டுமே பொருள் மாறி வந்து சேரும். அப்படிப்பட்ட செய்திகளுக்காக நாங்கள் வைத்திருக்கும் மாதிரிப் பதிலைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. செய்தியை எந்தெந்த வகையில் படிக்கலாம் என்று இரண்டு மூன்று வரிகளில் காட்டி, எது சரி என்று கேட்பதுதான் அதன் வேலை.

முன்பெல்லாம் "புரியவில்லை, தெளிவாக அனுப்பவும்" என்று எழுதுவோம். அதே செய்தி இன்னொரு முறை அதே எழுத்தில் வரும். தான் எழுதியது அவருக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது! எங்கே குழப்பம் என்று நாம் காட்டாதவரை, எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது.

ஓர் உண்மையான செய்தியை எடுத்துக்கொள்வோம்:

`malli poo puchi marunthu 10 malli pothuma tank ku`

இதில் `malli` இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டாவது, எண்ணுக்குப் பின்னால் நிற்பதால் மில்லிதான். அதைக் கேட்க வேண்டியதில்லை. முதலாவதுதான் சிக்கல். மல்லிகைப் பூவில் பூச்சி என்றும் படிக்கலாம். பூத்திருக்கும் கொத்தமல்லியில் பூச்சி என்றும் படிக்கலாம். எங்கள் பக்கம் இரண்டுமே விளைகிறது, இரண்டையும் மல்லி என்றுதான் சொல்கிறோம்.

இரண்டுக்கும் பதில் அடியோடு வேறு. மல்லிகையில் பெரும்பாலும் மொட்டுப்புழு. மொட்டைத் துளைத்து உள்ளே போகும், மொட்டு ஊதா நிறமாக மாறும். கொத்தமல்லியில் குருத்திலும் பூங்கொத்திலும் அசுவினி அடையாக இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். மல்லிகை தலையில் சூடும் பூ. கொத்தமல்லித் தழையோ பச்சையாகச் சட்னியில் அரைபடுவது. மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற கேள்வி அங்கே உயிர்க் கேள்வி. போதாததற்கு, கொத்தமல்லி பூக்கும் நேரத்தில் தேனீ மொய்க்கும். பகலில் பூச்சிக்கொல்லி தெளித்தால் அவையும் சாகும். ஆகவே உத்தேசமாக ஒன்றை நினைத்துக்கொண்டு பதில் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

இப்போது எங்களிடமிருந்து போகும் பதில் இது:

"வணக்கம். மல்லி பற்றிய உங்கள் கேள்வி கிடைத்தது. எந்த மல்லி?
பூ பறிக்கும் மல்லிகை என்றால் 'சரம்' என்று அனுப்புங்கள்.
கொத்தமல்லி என்றால் 'சமையல்' என்று அனுப்புங்கள்.
இரண்டும் இல்லை என்றால் பயிரின் பெயரைக் குரல் பதிவாகச் சொல்லுங்கள்."

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதை விரைவுப் பதிலாகச் சேமித்திருக்கிறோம். `/malli` என்று தட்டினால் முழுச் செய்தியும் வந்துவிடும். ஐயா, அம்மா என்று எதையும் சேர்ப்பதில்லை. எண் மகன் பெயரில் இருக்கும், கேட்பவர் தாயாராக இருப்பார்.

இந்த வடிவத்துக்கு வந்து சேர நாளாயிற்று. முதல் வடிவம் "மல்லிகையா, கொத்தமல்லியா?" என்ற ஒற்றை வரி. அதற்கு "ஆமாம்" என்று பதில் வரும், அல்லது கட்டைவிரல் படம் வரும். முதலில் கண்ணில் பட்டதை ஒப்புக்கொள்கிறாரா, கேள்வி கிடைத்தது என்று மட்டும் சொல்கிறாரா, தெரியாது. பிறகு 1, 2 என்று எண் போட்டோம். "2" என்று வந்தால் அது இரண்டாவது வரியா, இரண்டு டப்பாவா, லிட்டருக்கு இரண்டு மில்லியா? அளவு கேட்டு எழுதியவரிடம் எண்ணையே பதிலாகக் கேட்பது மேலும் குழப்பம். பயிரின் பெயரையே எழுதச் சொன்னால், கொத்தமல்லிக்காரரும் `malli` என்றே அனுப்புவார். அதனால்தான் சரம், சமையல். ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டினாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. பதில் சொல்லை இப்படிப் பொறுக்கி எடுப்பதில்தான் இந்த மாதிரியின் பலன் பெரிதும் இருக்கிறது.

கடைசி வரியை நீக்கிவிடலாம் என்று கடையில் சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. அது இல்லாவிட்டால், முல்லை போட்டிருப்பவரும் பக்கத்தில் இருப்பது இதுதான் என்று சரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார். நமக்கோ சந்தேகம் தீர்ந்ததுபோல் இருக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறோம். இந்தப் பதிலில் நோயின் பெயரோ பூச்சியின் பெயரோ இருக்கக் கூடாது. அசுவினியா, செதில் பூச்சியா என்று கேட்டால், தனக்குப் பழக்கமான பெயரைத்தான் யாரும் சொல்வார்கள். அவர் என்ன கேட்டார் என்பதை அவரிடம் கேட்கலாம். செடியில் என்ன இருக்கிறது என்பதற்குப் படம் வேண்டும். இலையின் அடிப்பக்கம், மொட்டு, முழுச்செடி என்று மூன்று படம் போதும். அது பயிர் உறுதியான பிறகு.

டேங்க் விஷயமும் அதன் பின்னால்தான். எங்கள் ஊரில் 10 லிட்டர் தெளிப்பானும் உண்டு, 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானும் உண்டு. 10 மில்லி என்பது முதலாவதில் லிட்டருக்கு 1 மில்லி; இரண்டாவதில் லிட்டருக்கு 0.6 மில்லிக்குச் சற்று மேல். கேட்காமல் பதில் சொல்ல முடியாதுதான். ஆனால் பயிரையும் டேங்க்கையும் ஒரே செய்தியில் கேட்டால், ஒன்றுக்குத்தான் பதில் வருகிறது, எதற்கு என்றும் தெரிவதில்லை. எனவே ஒரு செய்திக்கு ஒரு சந்தேகம். எது தெரிந்தால் மருந்தே மாறுமோ அது முதலில், எது தெரிந்தால் அளவு மட்டும் மாறுமோ அது அடுத்து.

மஞ்சளுக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கிறோம். `manjal ilai pulli` என்பது மஞ்சள் பயிரின் இலைப்புள்ளியாகவும் இருக்கலாம், வேறொரு பயிரின் இலையில் மஞ்சள் நிறப் புள்ளியாகவும் இருக்கலாம். அங்கே "கிழங்கு வெட்டும் பயிர் என்றால் 'கிழங்கு' என்று அனுப்புங்கள், வேறு பயிர் என்றால் அதன் பெயரைச் சொல்லுங்கள்" என்பதே போதுமானதாக இருக்கிறது.

இந்த மாதிரியைத் தொடவே கூடாத செய்திகளும் உண்டு. `marunthu adichathum thalai suthuthu` என்று ஒருவர் எழுதினால், செடியின் தலை சுருண்டதைச் சொல்கிறாரா, தெளித்தவருக்கே தலை சுற்றுகிறதா என்று வரி வரியாகக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே அழைக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் என்று தெரிந்தால் 108-ஐக் கூப்பிடச் சொல்லி, மருந்து டப்பாவை மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப்போகச் சொல்கிறோம். உடம்பைக் குறிக்கும் சொல் எது வந்தாலும் இதுவே நடைமுறை.

மல்லிகைக்காரர்களின் கேள்விகள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். விடியற்காலையில் பறித்து, சந்தைக்கு அனுப்பி, ஓய்ந்தபின் கேட்பார்கள். மாலையில் தெளித்துவிட வேண்டும். அதனால் மாதிரிப் பதில் போய் அரை மணி நேரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்துவிடுகிறேன். மருந்தின் பெயரைச் சொல்வது பயிர் எது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான்.