பீரா, பிராந்தியா, நிறுத்துவதா? புராஸ்டேட் வீங்கியவரின் இரவுக் கணக்கு

பெரியப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லி இரண்டு வருடமாகிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு குவார்ட்டர் பிராந்தி, அப்புறம் சாப்பாடு, பத்து மணிக்குத் தூக்கம். இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருந்ததால், பிராந்தி சூடு, பீர் குளிர்ச்சி, நீர் நன்றாகப் பிரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பீருக்கு மாறினார். மாறிய மூன்றாம் வாரம், ஒரு கல்யாண வீட்டில், விடியற்காலை நாலு மணிக்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்டுகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை.

பீரா, பிராந்தியா, நேரத்தை முன்னே தள்ளுவதா, அடியோடு நிறுத்துவதா? இந்த வயதில் பலரும் தங்களுக்குள் போட்டுப் பார்க்கிற கணக்கு இது. ஆனால் எத்தனை தடவை எழுந்தோம் என்ற ஒரே அளவுகோலை வைத்து இதைப் போடுகிறார்கள். எழுந்திருப்பது தொல்லைதான். நீர்ப்பை நிரம்பி வழிகிற அளவுக்கு வந்தும் எழுந்திருக்காத இரவில்தான் ஆபத்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

முதலில் பீர். 650 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1,300 மில்லி திரவம் உள்ளே போகிறது. அது மட்டுமல்ல. நீரை உடம்பில் தக்கவைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனை மது அடக்கிவிடுகிறது. தோராயமாக, ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 10 மில்லி சிறுநீர் கூடுதலாக இறங்கும். ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு பாட்டிலில் 80 கிராம் ஆகிறது. குடித்தது போக இன்னும் 800 மில்லி. எல்லாம் நாலைந்து மணி நேரத்துக்குள் நீர்ப்பைக்கு வந்து சேர்கிறது. பீர் நீரைப் பெருக்கும் என்பது உண்மை. ஆனால் பெரியப்பாவுக்கு நீர் உற்பத்தியில் குறை இல்லை, வெளியேறும் வழிதான் நெருக்கப்பட்டிருக்கிறது. வாய்க்கால் அடைத்திருக்கும்போது மதகைத் திறந்துவிட்ட கதைதான். புராஸ்டேட் வீங்கியவருக்கு நான்கு வழிகளில் மிக மோசமானது பீர் என்பேன்.

அப்படியானால் பிராந்தி பரவாயில்லையா? 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. திரவம் குறைவு, அதனால் எழுந்திருப்பதும் சிலருக்குக் குறையும். “பிராந்தி குடித்தால் ஒரு தடவைதான் எழுகிறேன்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதைக்கிறது. மது மூளையை மந்தமாக்குகிறது. 400 மில்லியில் எழுப்பியிருக்க வேண்டிய நீர்ப்பை 700, 800 என்று நிரம்பியும் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அளவுக்கு மீறி விரிந்த நீர்ப்பையின் தசை சுருங்கும் பலத்தை இழக்கிறது. வழியோ ஏற்கெனவே குறுகல். விழித்துப் போய் நின்றால் தள்ளும் சக்தி இல்லை. திடீர் நீரடைப்பு இப்படித்தான் வருகிறது.

மது அளவாகக் குடிப்பவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் குறைவாகக் காணப்பட்டதாக ஆய்வுகள் உண்டு. இதை ஒரு நண்பர் எனக்கு உற்சாகமாகக் காட்டினார். அது வீக்கம் வருமா வராதா என்பதைப் பற்றியது. வீங்கிய பிறகு இரவில் குடிப்பவருக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

நேரத்தை முன்னே தள்ளுவது நல்ல யோசனைதான், ஆனால் அளவு குறையாமல் பயனில்லை. உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். மாலை ஆறு மணிக்கே குவார்ட்டரை முடித்தாலும் 60 கிராமும் கரைய இரவு ஒன்றரை ஆகிவிடும். கூடுதல் நீரில் பெரும்பகுதி விழித்திருக்கும்போதே போய்விடும், சரி. மந்தம் மட்டும் பாதி இரவு வரை கூடவே வரும். அதே ஆறு மணிக்கு 60 மில்லியோடு நிறுத்தினால் 20 கிராம், ஒன்பதுக்குள் கரைந்துவிடும். நிறுத்தவே மாட்டேன் என்கிறவரிடம் நான் வாதாடிப் பெறுவது இந்த ஒன்றைத்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெரியப்பா வீட்டில் அளந்தே பார்த்தோம். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று, ஒரு நோட்டு. பிராந்திக் காலத்தில் டாக்டர் சொல்லி எழுதிவைத்த கணக்கில் ஓர் இரவு 220, 200, 180, 150, காலையில் எழுந்ததும் 250, ஆக 1,000 மில்லி. அந்த 24 மணி நேரத்து மொத்தம் 2,050. அதில் கிட்டத்தட்டப் பாதி, இரவிலேயே இறங்கியிருக்கிறது. இந்த வயதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் இரவு உற்பத்தி அதிகம் என்று பொருள். குடியை விட்ட மூன்றாம் வாரம் 170, 180, காலையில் 200, ஆக 550. மொத்தம் 1,700. மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டது. நாலு தடவை இரண்டாயிற்று. மிச்சமிருக்கும் இரண்டுக்கு மது காரணமில்லை, அது புராஸ்டேட்டின் கணக்கு. அதற்குத்தான் மாத்திரை.

மாத்திரையிலும் ஒரு விஷயம். டாம்சுலோசின் வழியைத் தளர்த்திச் சில நாட்களிலேயே நீரோட்டத்தைச் சீராக்கும், ஆனால் வீக்கத்தைக் குறைக்காது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். அதன்மேல் மதுவும் சேர்ந்தால் நள்ளிரவில் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம். ஃபினாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும், நீரடைப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்குமேல் குறைக்கும், ஆனால் ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும்.

அடியோடு நிறுத்துவதுதான் நான்கிலும் நல்லது என்றாலும், பல வருடமாகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் கைவிட்டால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரை போகலாம், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில். டாக்டரிடம் தினசரி அளவை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

அந்தக் கல்யாண இரவுக்கு வருகிறேன். இரண்டு பாட்டில் ஸ்ட்ராங் பீரோடு, மூக்கொழுகலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை ஒன்றையும் பெரியப்பா போட்டிருந்தார். அதில் ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமைன் இரண்டும் இருந்தன. முன்னது நீர்ப்பையின் கழுத்தை இறுக்குகிறது, பின்னது நீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்துகிறது. உறவினர்கள் பார்லித் தண்ணீர் கொடுத்தார்கள், வெந்நீர்ப் பையை வைத்தார்கள். இரண்டு மணி நேரம் வீணாயிற்று. முட்டலும் வலியும் இருந்து நீர் வரவில்லையென்றால் மேற்கொண்டு ஒரு வாய்த் தண்ணீரும் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டியூப் போட்டதும் பையில் 1,100 மில்லி இறங்கியது. தொப்புள் வரை மேடாக இருந்த வயிறு கண் முன்னே தணிந்தது. “உயிர் வந்துவிட்டதடா தம்பி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாம்சுலோசின் கொடுத்து மூன்றாம் நாள் டியூபை எடுத்தார்கள், தானாகவே போனார். மருத்துவமனையிலேயே கண்காணித்து மதுவை நிறுத்த வைத்தார்கள். எல்லாருக்கும் முதல் முறையே இப்படி அமைவதில்லை, சிலருக்கு மறுபடி டியூப், அப்புறம் அறுவை சிகிச்சை என்று போகும். இப்போது சளி பிடித்தால் கடைக்காரரிடம் பெரியப்பா முதலில் சொல்வது, “எனக்குப் புராஸ்டேட் இருக்கிறது, அதற்கு ஆகாததைக் கொடுத்துவிடாதீர்கள்” என்பதுதான்.