பிரான்சிலிருந்து வரும் பொட்டலங்களும் பச்சை இலையும்: நான்கு வருட அனுபவம்

புதுச்சேரியில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஒருவர் பிரான்சில் இருக்கிறார். என் மனைவியின் அண்ணன். வருடத்துக்கு ஒரு முறை வரும்போது ஒரு பெட்டி நிறைய பிஸ்கட், சாக்லேட், மிட்டாய் கொண்டுவருவார். வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு வாசிக்க வராது. அதனால் 2021 முதல் கைப்பேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உறையையும் படம் பிடித்துப் படிக்கிறேன். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். முல்லா வீதியில் இருக்கும் என் பழைய நண்பர் பாய்க்கு ஹலால் வேண்டும். இருவருக்கும் எழுத்தர் வேலை பார்ப்பது நான்தான்.

முதல் வருடமே சறுக்கல். ஜெல்லி மிட்டாய் உறை ஒன்றில் பச்சைப் பின்னணியில் வெள்ளை நட்சத்திரங்களால் ஆன இலை ஒன்று இருந்தது. நம் ஊர்ப் பச்சைப் புள்ளியைப் போலத்தான் அது என்று மனைவி எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மாலையில் நான் பின்பக்கத்தைப் படம் பிடித்தபோது 'மாட்டு ஜெலட்டின்' என்று வந்தது. அம்மா அன்று பேசவில்லை.

அந்த இலை ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மை முத்திரை. விளைபொருளாக வந்த சேர்மானங்களில் எடைக்கணக்கில் குறைந்தது 95 விழுக்காடு இயற்கை முறையில் விளைந்தவை அல்லது வளர்த்தவை என்பது மட்டுமே அதன் வாக்குறுதி. இயற்கை முறையில் வளர்த்த மாட்டின் இறைச்சிக்கும் அதே இலைதான். பச்சை நிறம் நம் கண்ணுக்குச் சைவமாகத் தெரிவது நம் பழக்கத்தின் குற்றம், அவர்களுடையது அல்ல. இலைக்கு அருகில் FR-BIO-01 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். FR என்றால் சரிபார்த்த நிறுவனம் பிரான்சில் அங்கீகரிக்கப்பட்டது, எண் எந்த நிறுவனம் என்பதைக் காட்டும். அதன் கீழே விளைபொருள் பிரான்சிலிருந்தா, ஒன்றியத்துக்குள்ளிருந்தா, வெளியிலிருந்தா என்ற வரி. செயலி இந்த வரிகளை மொழிபெயர்க்கும், இலையை மொழிபெயர்க்காது. படம் பிடித்தவுடன் திரையில் தமிழ் வந்துவிட்டால் எல்லாம் படித்தாகிவிட்டது என்று நினைப்பதுதான் இதில் உள்ள பெரிய கண்ணி. முத்திரை ஒரு ஓவியம், எழுத்து இல்லாத இடத்தில் செயலி வாயைத் திறக்காது.

அடுத்து மஞ்சள் வட்டத்துக்குள் பச்சை V எழுத்து. இதைப் பார்த்ததும் அம்மாவுக்கு விடுதலை என்று எண்ணினேன். பிஸ்கட்டைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்தார்.

"பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று வாசி."

வாசித்தேன். முட்டை வெள்ளைக்கரு.

"முட்டை போட்டதைச் சைவம் என்று எந்த ஊரில் சொல்வார்கள்?"

ஐரோப்பாவில் சொல்வார்கள். அங்கே சைவம் என்றால் உயிரைக் கொன்று எடுக்காதது. பாலும் முட்டையும் அதற்குள் அடங்கும். நம் நாட்டு உணவு விதியில் முட்டை அசைவக் கணக்கு. பால், தேன் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு, முட்டைக்கு இல்லை. அதனால் அந்த V வாங்கிய அதே பிஸ்கட் இங்கே விற்பனைக்கு வந்தால் பச்சைப் புள்ளி பெறாது. அந்த வட்டத்தோடு சிறிய எழுத்தில் இரண்டில் ஒரு சொல் இருக்கும்: சைவம் அல்லது வீகன். இரண்டாவது இருந்தால்தான் அம்மாவிடம் நீட்டுகிறேன், அதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. படத்தில் அந்தச் சொல் மங்கியிருந்தால் முத்திரையைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தடித்த எழுத்தும் என்னை ஏமாற்றியது. சேர்மானப் பட்டியலில் பால், முட்டை, கோதுமை போன்றவை தடித்து அச்சாகியிருக்கும். அசைவத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று அதை வெகுநாள் நம்பினேன். உண்மையில் அது ஒவ்வாமைக்கான விதி. 14 வகைப் பொருள்கள் மட்டும் அப்படி எடுப்பாக அச்சாக வேண்டும். மாட்டு ஜெலட்டினும் பன்றிக் கொழுப்பும் அந்த 14-இல் இல்லை. அவை மெலிந்த எழுத்தில் சர்க்கரைக்கும் நிறமிக்கும் நடுவே ஒளிந்திருக்கும். பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமியோ E120 என்று மட்டும் நிற்கலாம். E471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும், எண் அதைச் சொல்லாது. இன்னொரு தொல்லை, 'இல்லாமல்' என்ற பொருள் தரும் நாலெழுத்துப் பிரெஞ்சுச் சொல். உறையின் மடிப்பில் அல்லது விளக்கின் பளபளப்பில் அது விழுந்துவிட்டால் 'ஜெலட்டின் இல்லாமல்' என்பது 'ஜெலட்டின்' ஆகிவிடுகிறது. இரண்டு முறை நல்ல மிட்டாயைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது உறையைத் தட்டையாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், பட்டியலை மட்டும் நிறைத்து ஒரு படம், முத்திரையை நெருக்கமாக ஒரு படம் என்று எடுக்கிறேன்.

பாயின் வழக்குதான் கடினம். அவர் மகன் லியோனில் படிக்கிறான். 2023-இல் கடையிலிருந்து ஒரு கோழிப் பொட்டலத்தின் படம் அனுப்பியிருந்தான். ஒரு பக்கம் அரபியில் ஹலால், மறுபக்கம் அந்தப் பச்சை இலை. பாய் மகிழ்ந்துபோய் வந்தார். "இரண்டு முத்திரை, தம்பி. இதைவிட என்ன வேண்டும்?"

படத்தைப் பெரிதாக்கினேன். ஹலால் என்ற சொல்லின் அருகே எந்த அமைப்பின் பெயரும் இல்லை. பிரான்சில் ஹலாலுக்கு அரசு வரையறை கிடையாது. பல தனி அமைப்புகள் தத்தம் விதிப்படி சான்று தருகின்றன. முக்கியமான வேறுபாடு, அறுப்பதற்கு முன் மின்சாரத்தால் மயக்கமடையச் செய்வதை ஏற்கிறார்களா என்பது. சிலர் ஏற்கிறார்கள், ஏ.வி.எஸ். போன்ற அமைப்புகள் ஏற்பதில்லை. பெயரில்லாத ஹலால் எந்தப் பக்கம் என்று சொல்ல வழியில்லை.

ஆனால் இந்தப் பொட்டலத்தில் பதிலைச் சொன்னது இலைதான். 2019 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. மயக்கமடையச் செய்யாமல் அறுத்த விலங்கின் இறைச்சியில் இயற்கை வேளாண்மை இலையைப் போடக் கூடாது என்று. விலங்கின் துன்பத்தைக் குறைப்பது இயற்கை வேளாண்மை விதியின் ஒரு பகுதி என்பது அதன் காரணம். ஆகவே விதிப்படி இலை பெற்ற கோழி என்றால் அது மயக்கத்துக்குப் பிறகே அறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாய் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மயக்கினாலும் உயிரோடு இருக்கும்போது அறுத்தால் போதும் என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. அது நான் நுழையக் கூடிய இடம் இல்லை. "எனக்கு மனம் ஒப்பவில்லை," என்று சொல்லி மகனை அழைத்தார். "இலையை விட்டுவிடு. ஹலால் பக்கத்தில் சான்று தந்தவர் பெயர் இருக்கிற பொட்டலத்தைத் தேடு. அந்தப் பெயரை மட்டும் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பு."

அவன் அனுப்பிய அடுத்த படத்தில் பெயர் தெளிவாக இருந்தது, பின்பக்கம் இல்லை. அதையும் கேட்டு வாங்கினேன்.